பலகையில் முப்பத்திரண்டு, கரடியில் பன்னிரண்டு

நான் கோழை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதில் நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரித் தெரிகிற இடங்களும் வரும். அதைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது.

ஈப்போவில், மோட்டார் சைக்கிள் சாமான் விற்கிற கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டூடியோ இருக்கிறது. பாஸையும் சேர்த்து ஐந்து பேர். பாஸை நாங்கள் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். கணினியில் விலங்குகள் செய்துகொடுப்பது எங்கள் பிழைப்பு. சென்ற வருடம் எங்களுக்கு ஒரு கரடி வந்தது. சிறுவர்கள் பார்க்க வருகிற ஒரு வனவிலங்கு மையத்தில் டேப்லட்களை வரிசையாக வைப்பார்களாம். பிள்ளைகள் திரையைத் தொட்டால் நம் காட்டுக் கரடி திரும்பிப் பார்க்க வேண்டும், காற்றடித்தால் முடி அசைய வேண்டும். மலேசியக் கரடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு முடி குட்டை. மூக்கைச் சுற்றி இன்னும் குட்டை. குட்டை முடிதான் எங்கள் தொழிலில் கழுத்தை அறுக்கிற விஷயம்.

கணினியில் முடி எப்படி வருகிறது என்று என் தங்கை ஒருமுறை கேட்டாள். அடுக்கடுக்காக ஊற்றி வேகவைக்கிற லாப்பிஸ் பலகாரம் மாதிரி என்றேன். கரடியின் தோலை ஒருமுறை வரைகிறோம். பிறகு அதே தோலை நூலளவு வெளியே தள்ளி மறுபடியும் வரைகிறோம். மறுபடியும் தள்ளி, மறுபடியும். இப்படி முப்பத்திரண்டு அடுக்கு. ஆனால் வெளி அடுக்குகளில் முழுத் தோலையும் வரைவதில்லை. முடி நிற்கிற இடத்தில் மட்டும் ஒரு புள்ளி வைத்துவிட்டு, மிச்சத்தை வீசியெறிந்துவிடுகிறோம். அடுக்குக்கு அடுக்கு அந்தப் புள்ளி சிறுத்துக்கொண்டே போனால் முடி நுனியில் கூராகும். முடியின் நீளம் முடிகிற உயரத்துக்கு மேலே புள்ளியே கிடையாது. புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும்போது கண் அதை முடி என்று நம்பிவிடுகிறது. ஒரு முடி கூட நிஜமாக அங்கே இல்லை.

காற்றும் அப்படித்தான். கீழ் அடுக்கு அசையவே கூடாது, அது வேர். மேலே போகப் போக அசைவு கூட வேண்டும், அதுவும் நேர்க்கணக்கில் இல்லாமல், உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி. அப்போதுதான் முடி வளைந்த மாதிரித் தெரியும். நேர்க்கணக்கில் விட்டால் சாய்த்து வைத்த ஈர்க்குச்சி மாதிரி இருக்கும். இந்தக் காற்றை நான்தான் எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. அந்தத் தலைக்கனம்தான் பின்னால் வினையாக வந்தது.

என் பக்கத்து மேசையில், வயதில் மூத்தவள் என்பதால் நான் அக்கா என்று கூப்பிடுகிறவள். அவளுடைய வேலை, எந்த இடத்தில் முடி எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று கரடியின் தோல் மீது வரைவது. வெள்ளையாகத் தீட்டினால் நீள முடி, கறுப்பாகத் தீட்டினால் மொட்டை, நடுவில் எத்தனையோ சாம்பல் நிறங்கள். முடி வரைபடம் என்போம். அக்கா சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பரும் இல்லை, தொழிலாளர் லயமும் இல்லை, எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. அவளும் அதைப் பற்றிப் பேச மாட்டாள். கேட்டால், "அங்க என்னா இருக்கு, கொசுதான் இருக்கு," என்று முடித்துவிடுவாள். புருஷன் இல்லை. விட்டுப் போனவன். ஒரு மகள், தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மாலை ஐந்தரை ஆனால் அக்கா கிளம்பிவிடுவாள், பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து எடுக்க வேண்டும்.

அக்காவுக்கு ஆறு மாதக் குத்தகை வேலை. முடிகிற நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கரடி நல்லபடியாகக் கைமாறினால் நிரந்தரக் கடிதம் தருவதாக அண்ணே சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் சிங்கப்பூர்தான். அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தி அங்கே ஒரு கிடங்கில் இடம் பார்த்து வைத்திருந்தாள். அங்கே போனால் மகளைக் கூட்டிப் போக முடியாது. சித்தியவானில் இருக்கிற தன் தங்கை வீட்டில் விட வேண்டும்.

"அது நடக்காது லா," என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். "அவ என்னைய விட்டுட்டு ஒரு ராத்திரி தூங்க மாட்டா. இந்தக் கரடிய நான் எப்படியும் முடிச்சிருவேன், தம்பி."

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு சட்டம் உண்டு. கதவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. அடுக்கு எத்தனை, முடியின் முழு நீளம் எத்தனை, நுனிக்கூர் எத்தனை என்று அதில் எழுதியிருக்கும். யார் எந்த எண்ணை மாற்றினாலும் முதலில் பலகையில் மாற்றிவிட்டுத்தான் கணினியில் கை வைக்க வேண்டும். ஏனென்றால் என்னுடைய எண்ணை நம்பித்தான் அக்கா தன் சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுப்பாள். நான் எண்ணை மாற்றிவிட்டுச் சும்மா இருந்தால் அவளுடைய வேலை காலடியில் நழுவிவிடும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான்.

அக்காவின் குத்தகை முடிகிற அந்த வாரம், திங்கட்கிழமை மத்தியானம் டேப்லட் கொதித்தது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, கையில் பிடிக்க முடியவில்லை. முப்பத்திரண்டு அடுக்கு என்றால் திரையின் ஒரே இடத்தை முப்பத்திரண்டு முறை கணக்குப் போடுகிறது என்று அர்த்தம். என் மேசைக் கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மலிவான டேப்லட்டுக்கு மூச்சு வாங்கியது. பத்து நிமிடத்தில் கரடி விக்கி விக்கி நடக்க ஆரம்பித்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு வாடிக்கையாளர் பார்க்கப் போகிறார்கள்.

அடுக்கைப் பன்னிரண்டாகக் குறைத்தேன். டேப்லட்டுக்கு மட்டும், கணினிகளில் பழையபடி முப்பத்திரண்டு. அடுக்கு குறைந்ததும் பக்கவாட்டில் இடைவெளி தெரிந்தது, தட்டு அடுக்கின மாதிரி. அதை மறைக்க முடியின் அடியைக் கொஞ்சம் தடிமனாக்கி, நுனிக்கூரைக் குறைத்தேன். பிறகு காற்றை ஓடவிட்டுக் கரடியின் முதுகைப் பார்த்தேன். முதுகில் முடி நீளம், என் காற்று அங்கேதான் அழகு. கால் மணி நேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூடு குறைந்துவிட்டது, விக்கல் நின்றுவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், குடிக்கக் கீழே இறங்கினேன்.

கரடியின் முகத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. பலகையில் எழுதவும் இல்லை. இறங்கும்போது பலகையைக் கடந்துதான் போனேன். மார்க்கர் கூட அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. வந்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்ததாகத்தான் ஞாபகம். அதுவும் உண்மையா, நானே பின்னால் கற்பித்துக்கொண்டதா, தெரியாது.

அதே மாலை, கிளம்புவதற்கு முன், அக்கா முகத்தின் வரைபடத்தில் கடைசித் திருத்தம் செய்து ஏற்றிவிட்டுப் போனாள். கண்ணுக்குக் கீழே படிகிற முடியின் திசையை மட்டும் சரிசெய்திருந்தாள். நீளத்தைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, அகன்ற திரையில் வாடிக்கையாளர் முகங்கள். இங்கே அண்ணே டேப்லட்டைக் கேமராவின் கீழ் வைத்துக் கரடியைத் தொட்டார். அது திரும்பியது. முதுகு அருமை, விலா அருமை. முகம் வந்தது. மூக்கைச் சுற்றி ஒரு முடி இல்லை. கண்ணைச் சுற்றி இல்லை, காது ஓரத்தில் இல்லை. வெறும் தோல், அதற்கடுத்துத் திடீரென்று அடர்த்தியான முடி. சொறி பிடித்த நாயைத் தெருவில் பார்ப்போமே, அதே முகம். அந்தப் பக்கம் ஒரு பெண்மணி, இந்தக் கரடிக்கு உடம்பு சரியில்லையா என்று மலாயில் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் அண்ணேவுக்குப் பொறுக்கவில்லை.

அழைப்பு முடிந்ததும் அண்ணே நேராகப் பலகைக்குப் போனார். முப்பத்திரண்டு. நுனிக்கூர் பழையது. ஒன்றும் மாறவில்லை. பிறகு யார் எதை ஏற்றினார்கள் என்ற பட்டியலைத் திறந்தார். முகத்தின் கோப்பு, நேற்று மாலை, அக்கா.

"மொகத்துல என்னாம்மா பண்ணி வச்சிருக்க?" என்றார்.

"தெசதான் மாத்துனேன் அண்ணே. நீளத்தத் தொடவே இல்ல."

"தொடாமலா மொட்டையாச்சி?"

அக்கா தன் கணினியில் கரடியைத் திறந்து காட்டினாள். அங்கே மூக்கு நிறைய முடி, பட்டு மாதிரி. அங்கே முப்பத்திரண்டு அடுக்கு அல்லவா? "இங்க நல்லா இருக்கே அண்ணே," என்றாள். "பிள்ளைங்க ஒன் கம்ப்யூட்டர்லயா வந்து பாக்கப் போவுது?" என்றார் அவர். ஐந்து பேர் இருக்கிற அறை அது, எல்லோருக்கும் கேட்டது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மறுபடியும் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அதற்குள் முகம் சரியாக வேண்டும்.

அன்றைக்கு எனக்கு உண்மையாகவே புரியவில்லை. அடுக்கு குறைந்தால் முடி கொஞ்சம் முரடாகத் தெரியும், அவ்வளவுதான் என்று என் மண்டையில் பதிந்திருந்தது. அக்கா வரைந்ததில் ஏதோ கோளாறு என்று நானும்தான் நினைத்தேன்.

அக்கா மூக்கை மறுபடியும் வரைந்தாள். டேப்லட்டில் பார்த்தால் மொட்டை. கொஞ்சம் நீளம் கூட்டினாள், மொட்டை. இன்னும் கூட்டினாள், திடீரென்று சவரம் செய்த மறுநாள் மாதிரி குத்துக்குத்தாய் வந்தது, அவள் கணினியிலோ மூக்கு ஆட்டுத்தாடியாய்ப் புசுபுசுவென்றிருந்தது. அண்ணே இரண்டையும் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். அவள் எழுந்து டேப்லட்டிடம் போவதும், பார்ப்பதும், திரும்பி வந்து உட்காருவதுமாக இருந்தாள். பதினோரு முறை வரைந்தாள். கோப்புகளுக்கு எண் போடுவது அவள் பழக்கம், அதனால் எனக்குத் தெரியும்.

புதன்கிழமை மத்தியானம் என்னிடம் கேட்டாள். "தம்பி, என் கண்ணுதான் கெட்டுப்போச்சா? ஒரே படம், இங்க ஒண்ணு தெரியுது, அங்க ஒண்ணு தெரியுது."

அவள் படத்தை என் திரையில் போட்டு மூக்கின் மேல் சுட்டியை வைத்தேன். நீளம் நூற்றுக்கு ஏழு. கரடி மூக்கு முடிக்கு அது சரியான அளவு. அப்போதுதான் அடுக்குகளின் உயரத்தைக் கணக்குப் போட்டேன். முப்பத்திரண்டு அடுக்கில் முதல் அடுக்கு நூற்றுக்கு மூன்று உயரத்தில் நிற்கிறது, இரண்டாவது ஆறில். ஏழு நீள முடி இரண்டு அடுக்கையும் தொடும். பன்னிரண்டு அடுக்கில் முதல் அடுக்கே எட்டுக்கு மேல். ஏழு நீள முடி அந்த உயரத்துக்கு வருவதற்குள் முடிந்துவிடுகிறது. புள்ளி வைக்க ஒரு அடுக்கு கூட இல்லை. மொட்டை.

அவள் சரியாகத்தான் வரைந்திருந்தாள். நான்தான் அவள் மூக்குக்கு மேலே கூரையைப் போட்டுவிட்டேன்.

அந்த நொடியில் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். "அக்கா, நான் அடுக்கக் கொறச்சிட்டேன், எழுத மறந்துட்டேன்." சொல்லியிருந்தால் அண்ணே கத்தியிருப்பார். கத்தினால் என்ன, உயிரா போய்விடும்? ஆனால் முந்தின நாள் அவளிடம் கத்தினதைப் பார்த்திருந்தேன். பலகைச் சட்டத்தைப் பெருமையாகக் கொண்டுவந்தவனே அதை மீறினான் என்று எல்லோரும் சிரிப்பதை மனதில் பார்த்தேன். முதலில் சரிசெய்துவிடுவோம், சரியான கரடியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வோம் என்று முடிவு செய்தேன். கோழைகள் எப்போதும் இப்படித்தான் முடிவு செய்வார்கள், முதலில் வேலை, பிறகு உண்மை.

"கண்ணுலாம் நல்லாத்தான் இருக்குக்கா," என்றேன். "டேப்லட்டுலதான் ஏதோ கோளாறு. நான் பாக்குறேன்."

"சீக்கிரம் பாரு தம்பி. வெள்ளிக்கெழம எனக்குக் கடைசி நாளு."

சரிசெய்கிற வழி கஷ்டமில்லை. எல்லா இடத்திலும் அடுக்குகளை ஒரே உயரத்துக்குத் தள்ளிவிட்டுக் குட்டை முடியை நடுவில் வெட்டுவதற்குப் பதில், முடி எங்கே குட்டையோ அங்கே அடுக்குகளையே நெருக்கிவிட வேண்டும். தள்ளுகிற தூரத்தை அவள் வரைந்த நீளத்தால் பெருக்கினால் போதும். முதுகில் பன்னிரண்டு அடுக்கும் அகலமாய் விரியும், மூக்கில் அதே பன்னிரண்டும் ஒட்டினாற்போல் படுத்துக்கொள்ளும். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டியவன் நான். வியாழக்கிழமை செய்து பார்த்தேன். மூக்கில் முடி வந்தது. காற்றை ஓடவிட்டேன், மூக்குத் தோலே ஒரு பக்கமாய் வழுக்கிக்கொண்டு போனது. முதுகின் நீள முடிக்குக் கொடுத்த அசைவையே காற்று மூக்கின் குட்டை முடிக்கும் கொடுத்தது. அசைவையும் நீளத்தால் பெருக்க வேண்டும், அது எனக்கு உறைக்க வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை தொழுகைக்காக மத்தியான இடைவேளை நீளம். பன்னிரண்டே காலுக்கு அண்ணே அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவு. குரல் கேட்காது, முதுகு தெரியும். அக்கா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், மறுத்து ஆட்டவில்லை, சரி சரி என்று ஆட்டினாள். நான் எழுந்து அந்தக் கதவைத் தட்ட பத்தடிகூட இல்லை. என் திரையில் கரடியின் மூக்கு வழுக்கிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தால் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தவள் அழவில்லை. மேசையில் இருந்த மகளின் படத்தையும், தண்ணீர்ப் புட்டியையும், கால் வலிக்கு வைத்திருந்த தைலத்தையும் பையில் போட்டாள்.

"அண்ணே தப்பா ஒண்ணும் சொல்லல," என்றாள் என்னிடம். "நுணுக்க வேலைக்கு நான் சரிப்பட மாட்டேன் போலருக்கு. நீ நல்லா இரு தம்பி."

நான், "அக்கா," என்றேன். அவள் நின்றாள். காத்திருந்தாள். "பாத்துப் போங்க," என்றேன்.

மூன்று மணிக்குக் கரடி தயார். பதினோரு படங்களையும் தள்ளிவிட்டு அவளுடைய முதல் படத்தையே எடுத்துப் போட்டேன், நூற்றுக்கு ஏழு. அச்சாய்ப் பொருந்தியது. ஐந்து மணிக்கு அந்தப் பெண்மணி மூக்கைப் பார்த்துவிட்டு, தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கிறது என்றார். அண்ணே என் முதுகில் தட்டினார். பலகையில் போய்ப் பன்னிரண்டு என்று எழுதினேன். இன்றுதான் மாற்றியதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் விட்டுவிட்டேன்.

அக்கா சிங்கப்பூர் போனாள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஜோகூரில் நாலு பேரோடு ஒரு அறை, பொழுது விடியுமுன் எல்லை தாண்டும் பஸ், கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. மாதத்தில் ஒருமுறை சித்தியவானுக்கு வந்து மகளைப் பார்ப்பாள். இதெல்லாம் அவள் தீபாவளிக்கு அனுப்பின வாழ்த்துச் செய்தியில் தெரிந்துகொண்டது. நான் பதிலுக்கு ஒரு விளக்குப் படம் அனுப்பினேன். அவ்வளவுதான் எனக்கு முடிந்தது.

போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் ஏதோ வண்டி பின்னுக்கு வரும் சத்தம்.

"தம்பி, ஈப்போவுலயே ஒரு எடத்துல பிராணிங்களுக்கு முடி வரைய ஆள் கேக்குறாங்க. வியாழக்கெழம வீடியோவுல பேசுறாங்க. பழைய எடத்துல ஏன் நிறுத்துனாங்கன்னு கண்டிப்பா கேப்பாங்க இல்லயா? அந்தக் கரடி மூக்குல நான் எங்க தப்புப் பண்ணேன்னு கொஞ்சம் சொல்லு. எனக்கு இன்னமும் வெளங்கல. தெரிஞ்சிக்கிட்டா, இனிமே அப்படி பண்ண மாட்டேன்னு சொல்லலாம்."

மூன்று முறை கேட்டேன். "பழைய கோப்பைப் பார்த்துட்டுச் சொல்றேன் அக்கா," என்று எழுதினேன். எந்தக் கோப்பையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. புதன்கிழமை போனது. வியாழக்கிழமை போனது. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேனாம். வெட்கக்கேடு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளே கூப்பிட்டாள். நான் கீழே கடைவாசலில் நின்றிருந்தேன்.

"கெடைக்கல தம்பி," என்றாள். "நல்லாத்தான் பேசுனாங்க. கடைசியில கேட்டாங்க. நீ பிஸியா இருந்திருப்ப. நானே சொல்லிட்டேன், குட்ட முடிக்கி நீளம் போடத் தெரியல, வாடிக்கையாளர் முன்னால மொட்டையா வந்திருச்சி, என் தப்புதான், அதுலேர்ந்து கத்துக்கிட்டேன்னு. தப்ப ஒத்துக்கிட்டா புடிக்கும்னு அறையில கூட இருக்குற பிள்ள சொல்லிச்சி. அவங்களுக்கு வேண்டியதே குட்ட முடிதானாம். பூனைக்குட்டி செய்யிறாங்க."

என் தப்பை அவள் இரண்டாவது முறையாக, தன் வாயாலேயே, தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருந்ததால்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு, பலகை, புதன்கிழமை, அந்தக் கண்ணாடிக் கதவு, அவளுடைய முதல் படத்தையே போட்டு வாங்கின பாராட்டு. மோட்டார் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், நான் அழுதுகொண்டு பேசினேன் போலிருக்கிறது. சொல்லி முடித்தேன். வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். இருந்தாள்.

"ஏழு சரியான அளவுதானா?" என்றாள்.

"சரிதான்கா. மொத நாளே சரி."

"ம்." பிறகு, "என்கிட்ட சொல்லி என்னாவப் போவுது தம்பி. என் மககிட்டப் போய் சொல்லு. அம்மாவுக்கு வேல தெரியல, அதான் தொரத்திட்டாங்கன்னு நானே அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஏன் போறீங்கன்னு அழுதுச்சி, வேற என்னா சொல்றது?" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும், அதனால்தான் திட்டவில்லையோ என்னவோ.

மேலே ஏறி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அண்ணேவிடம் சொன்னேன். கத்துவார் என்று ஒரு வருடமாக நான் பயந்த மனிதர் கத்தவே இல்லை. அந்த இடத்துக்குத் தானே போன் போட்டார். என் முன்னாலேயே, நாங்கள் அந்த அம்மாளைத் தவறாக நிறுத்திவிட்டோம், வேலையில் கெட்டிக்காரி என்று சொன்னார். காலையிலேயே வேறு ஆளுக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்களாம். இங்கே எடுக்கலாமே என்று கேட்டேன். "இப்ப கையில என்னா வேல இருக்கு, நீயே சொல்லு," என்றார். இருக்கவில்லை. இருக்கிற நாலு பேருக்கே வேலை போதவில்லை.

சனிக்கிழமை காலை டேப்லட்டை எடுத்துக்கொண்டு சித்தியவானுக்கு ஓட்டினேன். அக்காவின் தங்கை வீட்டில் என்னை எதிர்பார்த்திருந்தார்கள். அக்கா சொல்லியிருக்கிறாள். தங்கை நாற்காலியைக் காட்டிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். குடிக்க எதுவும் கேட்கவில்லை. மகள் கூடத்தில் தரையில் பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான்காம் வகுப்பு இப்போது. அக்காவின் நெற்றி அப்படியே.

கரடியைத் திறந்து அவள் பக்கம் வைத்தேன். தொடச் சொன்னேன். தொட்டாள், கரடி திரும்பியது, காற்றடித்தது. அவள் மூக்கை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிள்ளைகள் எல்லோரும் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

"இந்த மூக்கு முடி ஒங்க அம்மா வரஞ்சது," என்றேன். "எல்லாமே சரியா வரஞ்சிருந்தாங்க. நான்தான் ஒரு எண்ண மாத்திட்டு யார்கிட்டயும் சொல்லல. அதனால கெட்டுப்போச்சி. அம்மா தப்பே பண்ணல. தப்புப் பண்ணது நான்."

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு கரடியைப் பார்த்தாள். நான் சொன்னதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்த மாதிரி உதடு அசைந்தது.

"அப்ப அம்மா நல்லாத்தான் செஞ்சாங்களா?"

"நல்லாத்தான் செஞ்சாங்க."

"ஒங்க ஆபிஸ்ல எல்லாருக்கும் அது தெரியுமா?"

"இப்ப தெரியும்."

பென்சிலைப் புத்தகத்தின் நடுவில் வைத்து மூடினாள். எழுந்து உள்ளே போய், படுக்கைக்கு அடியிலிருந்து, ஏற்கனவே துணி அடுக்கி வைத்திருந்த ஒரு பழைய பள்ளிப் பையை இழுத்து வந்து கதவோரம் வைத்தாள்.

"அப்ப அம்மா எப்ப வருவாங்க, அங்கிள்?" என்றாள். "இன்னிக்கா, நாளைக்கா?"